தோற்றவர் ஏன் ஒப்புக்கொள்கிறார்? பள்ளிக்கல்வி பற்றிய செயற்பாட்டியப் பார்வையும் முரண்பாட்டுப் பார்வையும்

பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறது. சிலரை மேலே அனுப்புகிறது, சிலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் முழுச் சமூகமும் நிலைக்க ஒரு வேலையைச் செய்கிறது என்பவர்கள் செயற்பாட்டியக் கோட்பாட்டாளர்கள்; அதே நிறுவனங்கள் மேலே இருப்பவர்களின் ஆதிக்கத்தைக் காக்கின்றன என்பவர்கள் முரண்பாட்டுக் கோட்பாட்டாளர்கள். பள்ளி தரம் பிரிக்கிறது என்பதில் இந்த இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முன்னவர் பள்ளியைப் புகழ்கிறார்கள், பின்னவர் பழிக்கிறார்கள் என்று பாடநூல்கள் இரண்டு பத்திகளில் முடித்துவிடுவதால் இந்த ஒற்றுமை கண்ணில் படுவதில்லை. பள்ளி என்ன செய்கிறது என்பதில் இரு தரப்பும் வியக்கத்தக்க அளவுக்கு ஒரே விடையைத் தருகின்றன. அந்தத் தரம்பிரிப்பு திறமையைப் பார்த்து நடக்கிறதா, பிறப்பைப் பார்த்து நடக்கிறதா என்பதில்தான் சண்டை. அது சான்றுகளைக் கொண்டு பெருமளவு தீர்க்கக்கூடிய சண்டை என்பதும், தரம்பிரிப்பைப் பொறுத்தவரை முரண்பாட்டுப் பார்வையே வெல்கிறது என்பதும், ஆனால் பள்ளி என்ற நிறுவனம் முழுவதையும் அதனால் விளக்கிவிட முடியாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

செயற்பாட்டியத்தைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்ஹைமிலிருந்து தொடங்குவதே முறை. பிரான்சில் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் மதச்சார்பற்றதாகவும் ஆக்கிய பிறகு எழுந்த கேள்வி ஒன்று அவர் முன் இருந்தது: மதத்தை எடுத்துவிட்டால் பிள்ளைகளுக்கு ஒழுக்கத்தை எதன் மேல் நின்று கற்பிப்பது? சமூகத்தின் மேல் நின்று என்பது அவர் விடை. வீட்டில் விதி என்பது அன்போடும் கோபத்தோடும் கலந்திருக்கிறது. அம்மா மனம் இரங்கினால் தளர்ந்துவிடும். வகுப்பறையில் விதி யாருடைய மனநிலையையும் பொறுத்ததல்ல, ஆசிரியரையும் அது கட்டுப்படுத்துகிறது. முன்பின் தெரியாத மனிதர்களோடு பொது விதிகளின்கீழ் வாழும் பழக்கம் இப்படித்தான் பிள்ளைக்கு முதன்முதலாக வருகிறது.

டர்க்ஹைமை வெள்ளந்தியான பள்ளி அபிமானி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு எளிதில் வன்முறையாக மாறும் என்று எச்சரித்தவர் அவர். உயர்ந்த பண்பாடு தன்னுடையது என்று எண்ணும் ஓர் இனம் மற்றோர் இனத்தைச் சந்திக்கும்போது நடப்பதோடு அதை ஒப்பிட்டார். பள்ளியில் அடிப்பதை எதிர்த்தார். வகுப்பறையில் அதிகாரம் இருக்கிறது என்பது முரண்பாட்டுக் கோட்பாடு கண்டுபிடித்த செய்தி அல்ல.

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1959இல் எழுதிய கட்டுரை இந்த மரபை அமெரிக்கத் தொடக்கப்பள்ளிக்குக் கொண்டுவந்தது. வீட்டில் பிள்ளை ‘எங்கள் பிள்ளை’. வகுப்பில் அவன் ஒரே வயதுடைய பலரில் ஒருவன். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே தேர்வு, ஒரே அளவுகோல். பிறப்பால் வரும் தகுதியிலிருந்து முயற்சியால் வரும் தகுதிக்குப் போகும் பாலமாகப் பள்ளி இருக்கிறது. அதற்கு முன்பே 1945இல் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் இதன் பொருளாதாரப் பக்கத்தைச் சொல்லியிருந்தார்கள்: முக்கியமான பொறுப்புகளுக்கு அரிய திறமையும் நீண்ட பயிற்சியும் வேண்டும், அந்தச் சிரமத்தை மனிதர்கள் விரும்பி ஏற்க வேண்டுமானால் முடிவில் கூடுதல் வெகுமதி இருக்க வேண்டும். எந்தப் பொறுப்பு முக்கியமானது என்று கேட்டால், அதற்குத்தானே அதிக வெகுமதி கிடைக்கிறது என்ற விடையே கடைசியில் மிஞ்சும். இந்த வட்டத்திலிருந்து அந்தக் கோட்பாடு முழுதாக வெளியே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் பார்சன்ஸின் கட்டுரையில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று உண்டு. திறமையுள்ள பிள்ளைகளிலும் எளிய குடும்பத்தார் கல்லூரியை நோக்கிப் போவது குறைவு என்று அவருக்குத் தெரியும், அதை மறைக்கவும் இல்லை. தேர்வில் பின்தங்குபவர்களிடம் மனக்கசப்பு சேரும் என்பதும் தெரியும். அந்தக் கசப்பு ஏன் வெடிப்பதில்லை? போட்டி நியாயமானது, வாய்ப்பு எல்லோருக்கும் திறந்திருந்தது என்ற நம்பிக்கையை வென்றவரும் தோற்றவரும் சேர்ந்தே பள்ளியில் கற்றிருக்கிறார்கள் என்பது அவர் விளக்கம். இதை அவர் ஒருங்கிணைப்பு என்றார்.

அதே இடத்திலிருந்துதான் மார்க்சியப் பொருளாதார அறிஞர்களான சாமுவேல் பவுல்ஸும் ஹெர்பர்ட் கின்டிஸும் 1976இல் வெளிவந்த தங்கள் நூலில் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். பார்சன்ஸ் ஒருங்கிணைப்பு என்றது அவர்கள் கணக்கில் ஏற்றத்தாழ்வுக்கு நியாயம் கற்பிக்கும் வேலை. தோற்றவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார், அமைப்பை அல்ல. நிகழ்வு ஒன்றுதான். போட்டி உண்மையிலேயே நியாயமாக இருந்தால் பார்சன்ஸ் சொன்ன பெயர் பொருந்தும். இல்லாவிட்டால் இவர்கள் சொன்ன பெயர்.

ஆகவே போட்டி நியாயமானதா என்று பார்க்க வேண்டும். பவுல்ஸும் கின்டிஸும் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் சமமாக உள்ளவர்களை ஒப்பிட்டார்கள். அப்படி ஒப்பிட்டபோதும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்கள் அதிக ஆண்டுகள் படித்திருந்தார்கள். நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்கள் 237 பேரிடம் எந்தக் குணங்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கிறது என்றும் பார்த்தார்கள். விடாமுயற்சி, சொன்னதைச் சொன்னபடி செய்தல் போன்றவை மதிப்பெண்ணை உயர்த்தின; படைப்பூக்கமும் தன்னிச்சையும் குறைத்தன. முதலாளி தொழிலாளியிடம் எதிர்பார்க்கும் குணங்களைத்தான் பள்ளி பரிசளித்து வளர்க்கிறது என்பது அவர்கள் வைத்த ஒப்புமைக் கொள்கை.

இதை மிக அருகில் நின்று பார்த்தவர் ஜீன் ஆன்யன். நியூ ஜெர்சியில் வெவ்வேறு வர்க்கத்தாரின் பிள்ளைகள் படிக்கும் ஐந்து தொடக்கப்பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து 1980இல் எழுதினார். தொழிலாளர் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியை தாளில் கட்டங்கள் வரையச் சொல்கிறார். எதற்கு என்று சொல்லவில்லை. முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படிகளை மட்டும் சொல்கிறார். ஒரு சிறுமி இதைவிட விரைவான வழி தனக்குத் தெரியும் என்கிறாள். நான் என்ன செய்யப்போகிறேன் என்பதே உனக்குத் தெரியாது, சொன்னபடி செய்யாவிட்டால் தவறு என்று பதில் வருகிறது. மேல்தட்டு நிர்வாகிகளின் பிள்ளைகள் படித்த பள்ளியிலோ, பரப்பளவுக்கான வாய்பாட்டை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளைகளிடமே கேட்கிறார் ஆசிரியர். ஒருவர் விடை சொன்னதும், ஒப்புக்கொள்கிறீர்களா என்று மற்றவர்கள் பக்கம் திரும்புகிறார். ஒரே வயது, ஒரே நாடு, பாடமும் கிட்டத்தட்ட ஒன்றே. பார்சன்ஸின் ‘எல்லோருக்கும் ஒரே அளவுகோல்’ அந்த ஒரு வகுப்புக்குள் உண்மையாக இருக்கலாம். இரண்டு வகுப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நிற்பதில்லை. பாடநூலில் இல்லாததைப் பள்ளி நடத்தும் விதமே கற்றுக்கொடுத்துவிடுவதைக் குறிக்க, மறைமுகப் பாடத்திட்டம் என்ற சொல்லை ஆளாளுக்குப் பயன்படுத்துகிறோம். அந்தத் தாளும் கட்டங்களும் இல்லாமல் அது வெறும் சொல்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இங்கே மற்றொரு கண்ணியைச் சேர்க்கிறார். மதிப்பெண்ணை அப்படியே திறமையாகக் கொள்வதையே அவர் ஐயப்படுகிறார். வீட்டில் புத்தகமும் பேச்சும் அருங்காட்சியகமும் தந்த பழக்கத்தைப் பள்ளி கற்பிப்பதில்லை, ஆனால் தேர்வில் எதிர்பார்க்கிறது. வீட்டிலிருந்து வந்த பண்பாட்டு மூலதனம் பள்ளியின் கையில் இயல்பான அறிவு என்று பெயர் மாறி வெளியே வருகிறது. இதைக் கருத்தில் கொண்டால், மதிப்பெண் சமமானவர்களை ஒப்பிட்ட பவுல்ஸ், கின்டிஸ் கணக்குகூடக் குடும்பத்தின் பங்கைக் குறைத்தே காட்டுகிறது என்றாகும்.

திறமைக்கேற்ற ஒதுக்கீடு என்ற வாதத்துக்கு மிகக் கூர்மையான அடி மார்க்சியப் பக்கத்திலிருந்து வரவில்லை, வர்க்கத்தோடு அந்தஸ்துக் குழுக்களின் போட்டியையும் முன்னிறுத்திய சமூகவியலாளர் மாக்ஸ் வெபரின் வழிவந்த ராண்டல் காலின்ஸிடமிருந்து வந்தது. தொழில்நுட்பம் வளர வளர வேலைக்கு அதிகப் படிப்பு தேவைப்படுகிறது என்பது செயற்பாட்டிய விளக்கம். காலின்ஸ் 1971இல் இதைச் சோதித்தார். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலாளர்களின் படிப்பு உயர்ந்ததில் ஏறத்தாழ 15 விழுக்காட்டை மட்டுமே வேலைகளின் வகை மாறியதற்குச் சேர்க்க முடியும் என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டினார். எஞ்சியது அதே வேலைகளுக்குக் கேட்கப்படும் தகுதி உயர்ந்ததால் வந்தது. வேலைத் திறனைப் பெரும்பாலும் வேலையில்தான் கற்கிறார்கள் என்றும் காட்டினார். அப்படியென்றால் சான்றிதழ் எதற்கு? தன் பேச்சும் பழக்கமும் உடைய ஆட்களை உள்ளே விடவும் மற்றவர்களை வெளியே நிறுத்தவும். எல்லோரும் ஒரு பட்டம் வாங்கிவிட்டால் அடுத்த பட்டம் கேட்கப்படும். செயற்பாட்டியத்திடம் இதற்கு நல்ல பதில் இல்லை. மருத்துவர், பொறியாளர் என்று சில தொழில்களைக் காட்டி அது தப்பிக்கலாம், அங்கே படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு நெருக்கமானது. ஆனால் வேலைச் சந்தை முழுவதும் அந்தத் தொழில்களால் ஆனதல்ல.

இத்தனைக்கும் பிறகு முரண்பாட்டுப் பார்வையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. காரணம், அதன் மாணவர்கள் மெழுகுப் பொம்மைகள்போல இருக்கிறார்கள். பள்ளி அடங்கச் சொல்கிறது, அவர்கள் அடங்குகிறார்கள். பால் வில்லிஸ் இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் 12 பேரோடு பழகி 1977இல் எழுதிய நூலில் நிலைமை வேறு. அவர்கள் அடங்கவே இல்லை. ஆசிரியரைக் கிண்டல் செய்தார்கள், வகுப்பைத் தவிர்த்தார்கள், சொன்னபடி கேட்டவர்களை ஏளனம் செய்தார்கள். சான்றிதழ் தங்களுக்குப் பெரிதாக எதையும் தராது என்று கணித்தும் வைத்திருந்தார்கள், அந்தக் கணிப்பு தவறும் அல்ல. கடைசியில் அப்பாக்கள் வேலை பார்த்த பட்டறைத் தளங்களுக்கே விருப்பத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஏற்றத்தாழ்வு மறுபடியும் பிறந்தது, ஆனால் கீழ்ப்படிதலால் அல்ல, எதிர்ப்பால். வில்லிஸும் முரண்பாட்டு மரபுக்காரர்தான்; இருந்தாலும் ஒப்புமைக் கொள்கை சொல்லும் வழியாக இந்த முடிவு வரவில்லை. தோற்றவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார் என்பதும் அந்தப் பையன்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் குறை சொன்னது பள்ளியைத்தான்.

இன்னொரு குறை ஆழமானது. தரம்பிரிப்பதற்கு மட்டும்தான் பள்ளி என்றால், அதில் தோற்கக்கூடியவர்களே அதைக் கேட்டுப் போராடியது ஏன்? பல நாடுகளில் தொழிலாளர் இயக்கங்களும் உரிமை மறுக்கப்பட்ட மக்களும் பள்ளிக்கூடத்தைக் கோரிக்கையாக வைத்தார்கள். அது ஏமாந்தவர்களின் கோரிக்கை என்று சொல்வது வரலாற்றை அவமதிப்பது. எழுத்தறிவு, பொது மொழி, தன் குலத்துக்கு வெளியே உள்ளவரோடு ஒரே விதியின்கீழ் உட்காரும் அனுபவம் ஆகியவற்றின் மதிப்பு, வகுப்பில் முதலாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் முழுதாக அழிவதில்லை. டர்க்ஹைம் பேசியது இதைப் பற்றித்தான். டேவிஸ், மூரின் வாதம் விழுந்தால் டர்க்ஹைமின் வாதமும் கூடவே விழும் என்று கட்டாயம் இல்லை. இரண்டையும் செயற்பாட்டியம் என்று ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் அப்படித் தோன்றுகிறது.

முதலாளித்துவத்தை ஒழித்ததாக அறிவித்த நாடுகளிலும் மணியும் தேர்வும் தரவரிசையும் இருந்தன என்பதைச் செயற்பாட்டியர்கள் சுட்டிக்காட்டலாம். பவுல்ஸும் கின்டிஸும் இதை எதிர்பார்த்தே எழுதினார்கள்: அங்கே உடைமை கைமாறியது, வேலைத்தளத்தில் மேலிருந்து கீழே வரும் அதிகாரம் மாறவில்லை, ஆகவே பள்ளியும் மாறவில்லை. பதில் பொருத்தமானதே. ஆனால் அதைச் சொன்னவுடன் பள்ளியை வடிவமைப்பது மூலதனம் என்ற நிலையிலிருந்து, எந்த அதிகார அடுக்கும் வடிவமைக்கும் என்ற நிலைக்கு அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்கு மார்க்ஸைவிட வெபரும் காலின்ஸும் நெருக்கமானவர்கள்.