ஐப்பசிக்குள் ஒரு கூரை: எங்கள் ஊர் நூலகத்துக்கான நிதி வேண்டுகோள் காணொளியின் உரை

[காட்சி: காலை ஏழு மணி. பழைய ஓட்டுக் கட்டடம். கூரையில் ஒரு பாதி ஓடு, மறுபாதி நீலத் தார்ப்பாய். திண்ணையில் பெரியவர்கள் நாளிதழ் படிக்கிறார்கள்.]

நூலகச் செயலாளர்: வணக்கம். மன்னார்குடியிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தொலைவில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிற்றூரின் நூலகம் இது. 1996-ஆம் ஆண்டு, ஊர்ப் பொதுக் கட்டடத்தில், வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்கிய இருநூறு புத்தகங்களோடு ஊர் மக்களே இதைத் தொடங்கினார்கள். இந்தக் கட்டடத்தின் கூரையை வரும் ஐப்பசி மழைக்குள் மாற்றியாக வேண்டும் என்பதனாலும், நூலகத்தை நாள் முழுவதும் திறந்து வைக்க வேண்டும் என்பதனாலும் உங்கள் உதவியைக் கேட்டு வந்திருக்கிறோம்.

[காட்சி: உள்ளே. சுவரில் நீர் வழிந்த கறை. ஒரு கை, வீங்கிப் போன புத்தகம் ஒன்றின் ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயல்கிறது.]

செயலாளர் (குரல்): 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து எங்கள் பகுதியைக் கடந்து சென்றபோது, தென்னைகளும் மின்கம்பங்களும் சாய்ந்ததைப் போலவே இந்தக் கூரையின் மேற்குப் பகுதியும் பெயர்ந்து விழுந்தது. தங்கள் வீட்டுக் கூரையே இல்லாமல் நின்றவர்கள்கூட மறுநாள் வந்து, நனைந்த புத்தகங்களைக் கோயில் மண்டபத்தில் பக்கம் பக்கமாக விரித்துக் காய வைத்தார்கள். அப்படிக் காப்பாற்றியும் ஏறத்தாழ தொள்ளாயிரம் நூல்கள் போய்விட்டன. அன்று கட்டிய தார்ப்பாயை அதன் பிறகு பலமுறை மாற்றிவிட்டோம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அலமாரிகளைக் கிழக்குப் பக்கம் நகர்த்தி, அவற்றின் மேல் பாலித்தீன் தாள் போர்த்தி, படிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில்தான் வயல் வேலை குறைந்து பலருக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது என்பதை எண்ணும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

[காட்சி: மாலை. நீண்ட மேசை ஒன்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள். சிலர் தரையில் அமர்ந்திருக்கிறார்கள்.]

இளம் வாசகி: எங்கள் வீடு ஒரே அறை கொண்டது. தம்பி தூங்கிய பிறகு விளக்குப் போட முடியாது. தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பாடநூல்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அவை எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க என்னால் முடியாது. இங்கே ஒரு படி இருக்கிறது. அதை நாங்கள் எட்டுப் பேர் முறை வைத்துப் படிக்கிறோம். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நூலகம் திறந்திருப்பதால், என் முறை வருவதற்குள் பல நாள் நேரம் முடிந்துவிடுகிறது.

நடவு வேலை செய்யும் தாய்: நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். என் மகள் இங்கிருந்து கதைப் புத்தகம் எடுத்து வந்து இரவில் எனக்கு வாசித்துக் காட்டுவாள். இப்போது நானும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். பெண் பிள்ளையை அந்தி நேரத்தில் நம்பி அனுப்புவதற்கு எங்கள் ஊரில் இருக்கும் இடம் இது ஒன்றுதான், ஐயா.

[காட்சி: வயல்வெளிச் சாலை. மன்னார்குடி செல்லும் பேருந்து கடந்து போகிறது.]

செயலாளர் (குரல்): இந்த மண்ணுக்கு நூலகம் புதிதன்று. இந்திய நூலக இயக்கத்தின் முன்னோடியான சீ. இரா. அரங்கநாதன் 1892-இல் பிறந்தது இதே காவிரிப் படுகையின் சீர்காழியில். 1931-இல் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி, சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொண்டு சென்றார்கள். அரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி வசூலாகும் நூலக வரி அரசுப் பொது நூலகங்களுக்குச் செல்கிறது. எங்களுடையது மக்களே நடத்தும் நூலகம் என்பதால் அந்த நிதி இதற்கு வருவதில்லை. அருகிலுள்ள அரசு நூலகத்துக்குப் பேருந்தில் சென்று வரலாம்தான், ஆனால் பள்ளி விட்டு வரும் சிறுவர்களுக்கும் கால் தளர்ந்த முதியவர்களுக்கும் அது எட்டாத தொலைவு.

[காட்சி: செயலாளர் மேசைக்குப் பின்னால் அமர்ந்து கணக்கேட்டைத் திறக்கிறார். அவர் சொல்லும் தொகைகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுகின்றன.]

செயலாளர்: எங்களுக்கு எவ்வளவு தேவை, எதற்குத் தேவை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அறுநூறு சதுர அடிக்கு இரும்புச் சட்டம் அமைத்துத் தகரக் கூரை போட 1,65,000 ரூபாய். கரையான் அரித்த மர அலமாரிகளுக்குப் பதிலாக எட்டு இரும்பு அலமாரிகள் வாங்க 72,000 ரூபாய். பாடநூல்கள், போட்டித் தேர்வு நூல்கள், சிறுவர் நூல்கள் ஆகியவற்றுக்கு 60,000 ரூபாய். மின்சாரம் நின்றாலும் விளக்கெரிய இன்வெர்ட்டரும் மின்கலமும் 30,000 ரூபாய். மேசைக்கும் பெஞ்சுகளுக்கும் 28,000 ரூபாய்.

அடுத்து நான் சொல்லப் போகும் செலவைத்தான் நீங்கள் முதலில் கருதிப் பார்க்க வேண்டுமென்று விரும்புகிறேன். ஒரு நூலகருக்கு மாதம் 8,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 96,000 ரூபாய் வேண்டும். கூரைக்கும் அலமாரிக்கும் மனமுவந்து தருகிறவர்கள்கூட ஊதியம் என்றதும் தயங்குவதைப் பார்த்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் பொருளாக அது நிற்பதில்லை என்பது எங்களுக்கும் புரிகிறது. ஆயினும் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று அரங்கநாதன் வகுத்த விதிகள், இருவரையும் அறிந்த ஒருவர் நடுவில் இருந்தால்தான் நடக்கும். இப்போது தன்னார்வலர்கள் தங்கள் வேலை முடிந்து வந்து மாலையில் இரண்டு மணி நேரம் திறக்கிறார்கள். நூலகவியல் படித்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் இப்பணிக்கு ஆயத்தமாக இருக்கிறார். அவர் பொறுப்பேற்றால் காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை, நண்பகல் இடைவேளை தவிர, கதவு திறந்திருக்கும்.

ஆக மொத்தம் 4,51,000 ரூபாய். இதில் 1,11,000 ரூபாயை ஊர் மக்கள் குறுவை அறுவடையை ஒட்டித் தங்களுக்குள் திரட்டிவிட்டார்கள்; நெல்லாகக் கொடுத்தவர்களும் உண்டு, ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர்களும் உண்டு. மீதியுள்ள 3,40,000 ரூபாய்க்காகவே உங்களிடம் கை நீட்டுகிறோம்.

[காட்சி: குழந்தைகள் வரிசையாக நின்று நூல்களைத் துடைத்து அடுக்குகிறார்கள்.]

செயலாளர் (குரல்): 200 ரூபாயில் ஒரு சிறுவர் நூல் வாங்கலாம். 9,000 ரூபாய் ஓர் அலமாரியாகும். 8,000 ரூபாய் நூலகரின் ஒரு மாத ஊதியமாகும். பழைய புத்தகங்களைத் தர அன்போடு பலர் முன்வருகிறார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி. கூரை முடியும் வரை அவற்றை வைக்க இடமில்லை என்பதால், தை மாதத்துக்குப் பிறகு எங்கள் பட்டியலைக் கேட்டுப் பெற்று, அதில் உள்ளவற்றை அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.

[காட்சி: திரையில் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு விவரமும் கியூஆர் குறியீடும் இறுதி வரை நிற்கின்றன.]

செயலாளர்: திரையில் காணும் கணக்கு எங்கள் அறக்கட்டளையின் பெயரில் உள்ளது. மூவர் கையொப்பம் இல்லாமல் அதிலிருந்து பணம் எடுக்க முடியாது. வரவு செலவு முழுவதும் ஒவ்வொரு மாதமும் நூலக வாசலில் ஒட்டப்படும். நன்கொடை தந்த அனைவருக்கும் அனுப்பி வைக்கப்படும். வருமான வரி விலக்கு வேண்டுவோர் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகவே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், இந்தியக் குடியுரிமை உடையவர்களாக இருந்தால், தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்களிடமிருந்து பணம் பெறுவதற்குரிய பதிவு எங்களுக்கு இல்லை. அவர்கள் இந்தக் காணொளியைத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினாலே போதும்.

இரும்புச் சட்டத்துக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாள் புரட்டாசி பதினைந்து. அதற்குள் கூரைக்கான தொகை சேர்ந்துவிட்டால் ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்று கொத்தனாரும் பட்டறைக்காரரும் உறுதி கூறியிருக்கிறார்கள். உங்களால் இயன்றதை அந்த நாளுக்குள் அனுப்பி உதவுமாறு ஊரார் அனைவரின் சார்பிலும் பணிவோடு வேண்டுகிறேன். நன்றி.