பத்து மணி மெசேஜ்

மொட்டை மாடியில், காய்ந்த வடகத்தைப் பழைய சேலையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தோம். துணியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் சுலபமாக வந்துவிடும். பாப்பாவுக்கு அதற்குக்கூடப் பொறுமையில்லை. போனை எடுத்துப் பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள்.

"யாரு பாப்பா?"

"நிலா, அண்ணே. என் ஃப்ரெண்டு."

"ஸ்கூல்ல புதுசா சேர்ந்த பொண்ணா?"

"இல்ல, இன்ஸ்டாவுல. என் கோலம் பேஜுக்கு முதல்ல கமெண்ட் போட்டதே அவதான். திருச்சி. அவளும் ஒன்பதாவது."

"தினமும் பேசுவீங்களா?"

"காலையில ஒரு குட்மார்னிங், டியூஷன் முடிஞ்சதும் கொஞ்சம், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு. ஒரு நாள் பதில் போடலைன்னா 'என்னைப் பிடிக்கலையா'ன்னு கேட்பா."

"உனக்கு எதுக்கு போன்" என்று வாய் வரை வந்துவிட்டது. இவள் வயதில் என்னிடம் அப்படிக் கேட்டபோது நான் செய்த ஒரே காரியம், பாஸ்வேர்டை மாற்றியது. பேசாமல் வடகத்தை உரித்தேன்.

"அவ குரல் எப்படி இருக்கும்?"

"கேட்டதில்ல. மைக் ரிப்பேராம்."

"எத்தனை நாளா ரிப்பேர்?"

"ரெண்டு மாசமா..." சொல்லும்போதே அவளுக்கு எங்கோ இடித்திருக்க வேண்டும். உடனே கோபம் வந்தது. "நீ கோயம்புத்தூர் போயிட்ட. அம்மா திட்டினா நான் யார்கிட்ட சொல்றது? அவதான் கேட்டுக்குவா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வீட்டுக்குப் போன் செய்வது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் அம்மாவிடம்.

"சரி, தப்பு என்மேலயும் இருக்கு. அவ உன்கிட்ட ஏதாவது கேட்டிருக்காளா?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. ஒரு வடகத்தைப் பொடிப்பொடியாக நொறுக்கினாள்.

"யூனிஃபார்ம் போட்டோ கேட்டா, அனுப்பினேன். போன வாரம் கதவைச் சாத்திட்டு ஒரு மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னா. 'பொண்ணுங்கதானே, யார்கிட்டயும் சொல்லாத'ன்னா."

"அனுப்பியிருந்தாலும் திட்ட மாட்டேன். அனுப்பினியா?"

"சத்தியமா இல்லண்ணே. அன்னைலேருந்து எனக்கே பயமா இருக்கு."

நிலாவின் முகப்புப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டோம். ஒரு துணிக்கடை விளம்பரத்தில் அதே முகம், அதே ஜிமிக்கி. பாப்பா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்போ நிலா பொண்ணே இல்லையா?"

"தெரியல. ஆனா இந்தப் படத்துல இருக்கிறவ இல்ல."

"நான் பிளாக் பண்றேன்." விரல் அதற்குள் போய்விட்டது.

"இரு, இரு. முதல்ல இருக்கிறதை எடுத்து வைப்போம்."

பழைய உரையாடலையும் கணக்கின் பெயரையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். நான்கு நாளாக நிலா மெசேஜ்கள் தானாக மறைகிற மோடைப் போட்டிருந்தாள். அதில் பேசினால் திரை கறுப்பாகிவிடும். அங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்குத் தகவல் போய்விடும் என்பதால், மேலே தள்ளி அந்த மோடை அணைத்துவிடாமல், என் போனால் அவள் திரையைப் படம் பிடித்தேன். கை நிழல் விழுந்து இரண்டு படம் கெட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து ஒரு மெசேஜ் வந்தது: 'எங்கடி போன? வீட்டுல யாரு இருக்கா?'

பாப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் போட வேண்டாம். இதையும் எடுத்துக்கிறேன். இப்போ ரிப்போர்ட் பண்ணு, அப்புறம் பிளாக்."

"போலீஸ்ல என்னைக் கேட்பாங்களா?"

"கேட்டாலும் தப்பு கேட்டவங்க மேலதான். பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைகிட்ட இப்படிக் கேட்கிறதுக்குன்னே போக்சோ சட்டம் இருக்கு, 2012ல வந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசலாம், cybercrime.gov.in தளத்துலயும் புகார் கொடுக்கலாம். ஆனா முதல்ல அம்மாகிட்ட சொல்லணும்."

"அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க."

"பிடுங்க மாட்டாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. கொஞ்ச நாளைக்காவது வாங்கி வைப்பாங்க. கோலம் பேஜுக்கு என் போன்லேருந்து படம் போட்டுக்கலாம்."

"நீதான் ஊருக்குப் போயிடுவியே."

"பத்து மணிக்கு நான் கூப்பிடறேன். தினமும். அம்மா போனுக்கு."

"மைக் ரிப்பேர்னு சொல்ல மாட்டியே?"

சிரிக்கத்தான் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே அம்மா, வடகம் உரிக்க எத்தனை மணி நேரம் என்று கத்தினாள். பாப்பா முறத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ. நீ ஆரம்பி, நான் நடுவுல சொல்றேன்."