நிவேதா கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வருகிறோம், அக்கா

ஜெயா அக்கா, பத்திரிகை ஸ்கிரீன்ஷாட் பார்த்தேன். பார்த்தவுடன் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன், அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு "செல்வி நிவேதா" என்று அச்சடித்த இடத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப சந்தோஷம் அக்கா. பையன் பெயரும் படிப்பும் பார்த்தோம், மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

முதலில் நீங்கள் எதிர்பார்க்கிற பதில்: வருகிறோம். பிப்ரவரி 8 ஞாயிறு முகூர்த்தத்துக்கு அம்மா, நான், அவர், பிள்ளைகள் இரண்டு பேர், வாஷியிலிருந்து தம்பியும் அவன் மனைவியும், ஆக மொத்தம் ஏழு பேர். சாப்பாட்டுக் கணக்கில் ஏழு என்றே எழுதிக்கொள்ளுங்கள், குறையாது. சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கும் வரவேற்புக்கும் நானும் அவரும் மட்டும் வருவோம், அம்மாவை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அலைக்க முடியாது. அன்றைக்கு நாங்கள் ரயிலில்தான் வருவோம், அதனால் சனிக்கிழமைக்கு எங்களுக்கு வண்டி இடம் எதுவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கொஞ்சம் விவரம் வேண்டும். அம்மாவுக்கு மழைக்காலத்தில் முழங்கால் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். இப்போது கைத்தடியோடு வீட்டுக்குள் நன்றாக நடக்கிறாள், ஆனால் ரோட்டில் மேடு பள்ளத்தில் அதிக தூரம் முடியாது, டோம்பிவிலி ஸ்டேஷன் படியும் கூட்டமும் நினைத்தே பார்க்க முடியாது. அதனால் கார்தான். மண்டபம் பாவு தாஜி ரோடு என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழே இருக்கிற வரி ஸ்கிரீன்ஷாட்டில் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, க்யூஆர் கோடும் பாதிதான் தெரிகிறது. முழுப் பத்திரிகையையும் இன்னொரு தடவை அனுப்புங்கள், இல்லையென்றால் மண்டபத்து வாசலில் நின்று லொகேஷன் ஒன்று போட்டுவிடச் சொல்லுங்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கமா, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கமா என்று தெரிந்தால்கூடப் போதும், எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே திரும்புவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது வண்டி விஷயம். மண்டபத்துக்குச் சொந்தமாகக் காம்பவுண்டுக்குள் வண்டி விட இடம் இருக்கிறதா? இருந்தால் எத்தனை வண்டி நிற்கும்? மாட்டுங்காவில் பழைய மண்டபங்களில் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டு வண்டி, சமையல்காரர் டெம்போ, பூ அலங்காரக்காரர் வண்டி, இந்த மூன்றும் நின்றாலே இடம் முடிந்துவிடும். அப்படித்தான் இருக்கும் என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள் அக்கா, நாங்கள் இடம் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அம்மாவை வாசல் ஓரமாக இறக்கிவிட இரண்டு நிமிஷம் வண்டி நிற்க முடியுமா என்பது. வாட்ச்மேன் விசில் அடித்து விரட்டாமல் இருந்தால் சரி. இறக்கிவிட்ட பிறகு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போய் எங்கேயாவது விட்டுவிட்டு நடந்து வருவார், அவருக்கு நடப்பது ஒரு பிரச்னையே இல்லை.

தெருவிலேயே விடலாம் என்று உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது சொன்னால், அந்தத் தெருவில் பி1, பி2 பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஒற்றைத் தேதிக்கு ஒரு பக்கம், இரட்டைத் தேதிக்கு மறு பக்கம் என்கிற அந்தப் பலகைதான். 8 இரட்டைத் தேதி, அதனால் பி2 போட்ட பக்கம். இது தெரியாமல் வெளியூர்க்காரர்கள் தப்பான பக்கம் விட்டுவிட்டு, முகூர்த்தத்துக்கு நடுவில் டோயிங் வண்டிக்குப் பின்னால் ஓடக் கூடாது. கோயம்புத்தூரிலிருந்து உங்கள் அண்ணன் காரிலேயே வருகிறார் என்றீர்களே, அவருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் விட்டுவிடலாம் என்றும் யாராவது பழைய ஞாபகத்தில் சொல்வார்கள். அங்கே இப்போது பூங்கா, காலையில் வயதானவர்கள் நடக்கிறார்கள், வண்டி விட முடியாது.

தம்பி பைக்கில் வருகிறான், அதை எங்கேயாவது சந்தில் செருகிவிடுவான். ஆக, காருக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

அப்புறம் நேரம். முகூர்த்தம் 9.00 முதல் 10.30 என்று போட்டிருக்கிறது. உண்மையில் தாலி கட்டுவது எத்தனை மணிக்கு இருக்கும் என்று வாத்தியாரிடம் கேட்டு எனக்கு மட்டும் சொல்லுங்கள். ஒன்பதரையா, பத்தா? கேட்கிற காரணம், அம்மா தாலி கட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீங்கள் காலையில் லோக்கலைப் பிடித்து வி.டி. ஓடுகிற நாட்களில் நிவேதாவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம், வீட்டுப்பாடம் எல்லாம். குழந்தை ரசம் சாதத்துக்கு அப்பளம் இல்லாமல் வாயைத் திறக்காது என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். அந்தக் குழந்தை மணையில் உட்காருவதைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலைகளுக்கு நடுவில் எட்டிப் பார்க்க வைக்க எனக்கு மனசில்லை. கெட்டிமேளம் கேட்கும்போது அவள் முன்வரிசையில், நாற்காலியில், கையில் அட்சதையோடு இருக்க வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் போட்டிருக்கிற கணக்கு இது. காலை ஆறரைக்கு டோம்பிவிலியில் கிளம்பினால் ஷீல் ரோடு வழியாக ஐரோலி பாலம் ஏறி, ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் சயான் வந்து, எட்டு மணிக்குள் மாட்டுங்கா சேர்ந்துவிடலாம். ஷீல் ரோட்டில் மெட்ரோ வேலை நடப்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நேரம் வைத்துக்கொண்டிருக்கிறோம், ஞாயிறு காலை என்பதால் லாரி தொல்லை குறைவாக இருக்கும். 2024 அக்டோபரிலிருந்து காருக்கு ஐரோலியில் டோலும் இல்லை, அந்த வரிசையில் நின்ற நேரம் மிச்சம். எட்டு மணிக்கு வந்தால் சரியாக இருக்குமா, இல்லை இன்னும் முன்னால் வர வேண்டுமா? காசி யாத்திரை, ஊஞ்சல் எல்லாம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீர்கள்? அம்மாவுக்கு ஊஞ்சலும் பார்க்க ஆசைதான், வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். அது ஏழரைக்கே என்றால் சொல்லுங்கள், ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறோம், எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதால் எட்டரைக்குள் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், டிபன் பந்தி எப்போது ஆரம்பிக்கும் என்றும் ஒரு வார்த்தை. நேரமாகும் என்றால் வீட்டிலேயே இரண்டு இட்லி கொடுத்துக் கூட்டிவருகிறேன், அதில் தயக்கமே வேண்டாம்.

மண்டபம் தரைத்தளமா, மாடியா? மாடி என்றால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை, உங்கள் மாமியாருக்கும் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா பாட்டிக்கும் அது வேண்டியிருக்கும். பந்தி கீழே, மேடை மேலே என்று இருந்தால் அம்மாவுக்குச் சாப்பாட்டை மேலேயே இலை போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டரிங் ஆளிடம் நானே வந்து பேசிக்கொள்கிறேன், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

திரும்புகிற நேரமும் சொல்லிவிடுகிறேன், பந்திக்கு உதவியாக இருக்கும். ஞாயிறு எமகண்டம் 12 முதல் 1.30 வரை, அந்த நேரத்தில் அம்மா வாசல் தாண்ட மாட்டாள். அதனால் ஒன்றரைக்கு மேல்தான் கிளம்புவோம். முதல் பந்தியில் உட்கார அவசரப்பட மாட்டோம், ரயில் பிடிக்க வேண்டியவர்களும் மாப்பிள்ளை வீட்டாரும் முதலில் சாப்பிடட்டும். அதுவரைக்கும் நானும் தம்பி மனைவியும் தாம்பூலப் பை கொடுக்கிற இடத்தில் நிற்கிறோம், வேறு யாரையும் அதற்குத் தேடாதீர்கள்.

ரயில் என்றதும் இன்னொன்று. கல்யாண், அம்பர்நாத் பக்கத்திலிருந்து உங்கள் ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள் இல்லையா, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் விஷயத்தை வாட்ஸ்அப் குரூப்பில் ஞாபகப்படுத்திவிடுங்கள். சென்ட்ரலில் பெரும்பாலும் மாட்டுங்கா, முலுண்டு நடுவில்தான் போடுகிறார்கள், அறிவிப்பு வெள்ளி, சனிக்குள் வந்துவிடும். காலையில் பத்துக்குள் வருகிறவர்களுக்குப் பாதிப்பு இருக்காது, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தட்டும். ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்காவில் நிற்காது, அதனால் தாதர் போய் ஏறுவது நல்லது என்று சொல்லிவையுங்கள். வயசானவர்கள் இரண்டு பேருக்கு எங்கள் வண்டியில் போகும்போது இடம் இருக்கும், பிள்ளைகள் இரண்டு பேரையும் தம்பியோடு தாதருக்கு அனுப்பி ரயிலில் ஏற்றிவிடுகிறேன். டோம்பிவிலி, கல்யாண் போகிற பெரியவர்கள் யாராவது இருந்தால் பெயர் சொல்லுங்கள்.

பூ ஏதாவது வேண்டுமா? சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போது பூக்கடை வழியாகத்தான் வருவோம். உதிரி மல்லி, தலையில் வைக்க முழம் பூ, எவ்வளவு வேண்டும் என்று சொன்னால் வாங்கி வந்துவிடுகிறேன். நீங்கள் அன்றைக்கு யாரை எங்கே அனுப்புவது என்று தடுமாறிக்கொண்டிருப்பீர்கள்.

உங்களுக்கு இப்போது ஆயிரம் வேலை இருக்கும், உட்கார்ந்து பதில் எழுத வேண்டாம். வாய்ஸ் மெசேஜில் நான்கு விஷயம் சொன்னால் போதும்: வாசலில் இறக்கிவிட முடியுமா, வண்டியை எங்கே விடுவது, எத்தனை மணிக்கு வந்து சேருவது, மாடியா தரையா. முழுப் பத்திரிகையை நிவேதாவையே அனுப்பச் சொல்லுங்கள், அந்தச் சாக்கில் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசட்டும். அன்றைக்குக் காலையில் நீங்கள் போன் எடுக்க முடியாது, அதனால் வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற பையன் யாரோ அவன் நம்பரை மட்டும் சனிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள், சயான் தாண்டியதும் அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.