கையெழுத்துக்கு முன்: 7, 14ஆம் பிரிவுகள்

அண்ணா, நம் கடையின் கூட்டாண்மைப் பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பதால் பணம் சம்பந்தப்பட்ட இரண்டு பிரிவுகளை மட்டும் தமிழில் எழுதுகிறேன், நாளை கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள்.

7ஆம் பிரிவு லாபம். முதலில் நம் முதலீட்டுக்கு ஆண்டுக்கு 12% வட்டி, அப்புறம் தினமும் கடையைப் பார்க்கிற உங்களுக்கு மாதச் சம்பளம், இவை போக மிஞ்சுவதுதான் லாபம். அதில் எனக்கு 60, உங்களுக்கு 40. நஷ்டமும் அதே கணக்குதான். இதை எழுதாமல் விட்டால் 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, யார் எவ்வளவு போட்டிருந்தாலும் லாபமும் நஷ்டமும் சரிபாதி.

14ஆம் பிரிவு விலகல், இதை நிதானமாகப் படியுங்கள். விலகுபவர் 3 மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். சரக்கு, வரவேண்டிய பாக்கி, கடன், நற்பெயர் மதிப்பு எல்லாம் சேர்த்து ஆடிட்டர் கணக்கு முடிப்பார். பங்குத்தொகை 6 மாதத் தவணையில். நற்பெயர் மதிப்பு என்ற சொல் முதல் வரைவில் இல்லை. அது இல்லாமல் நீங்கள் விலகினால் வெறும் சரக்கு, பாக்கிக் கணக்கோடு முடித்துவிடப் பார்க்கலாம், அதனால் நானே சேர்க்கச் சொன்னேன்.

இன்னொன்று. விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாவிட்டால், பிறகு கடை வாங்கும் கடனுக்கும் உங்களைக் கேட்கலாம். அறிவிப்புச் செலவு கடையுடையது என்று எழுதியிருக்கிறது.

தவணை 6 மாதம் அதிகமாகப் பட்டால் இன்றிரவே சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.