முள் நின்ற இடம்

கும்பகோணம் பெரிய தெருவில் முப்பத்தொரு வருடம் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்து, 1998இல் அதை மூடிவிட்டு வீட்டோடு இருந்துவிட்ட கோதண்டத்தைத் தேடி இளங்கோ வந்தது 2009ஆம் ஆண்டு தை மாதத்தில். தன் தந்தை 1962இல் வாங்கிய வால்வு ரேடியோ ஒன்று வீட்டில் இருப்பதாகவும், அதைப் பாட வைக்க வேண்டும் என்றும் சொன்னவர், கிளம்பும்போது ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்.

"டயலில் முள் சிலோனில் நிற்கிறது அண்ணே. அப்பா கடைசியாக வைத்த இடம். 86இல் அவர் தவறிப்போன பிறகு அந்தத் திருகை யாருமே தொடவில்லை. முள் மட்டும் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

முள்ளை நகர்த்தாமல் ரேடியோவைச் சரிசெய்வது, கதவைத் திறக்காமல் வீட்டைப் பெருக்குவது போன்றது. கோதண்டம் அதைச் சொல்லவில்லை. எழுபத்தாறு வயதில் மனிதர்களைத் திருத்துவதை விட ரேடியோவைத் திருத்துவது எளிது என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

மறுநாள் தகரப் பெட்டியோடு போனார். கூடத்துக் கண்ணாடி அலமாரியில், தந்தையின் படத்துக்குக் கீழே, பொட்டு வைத்த நிலையில் அந்தப் பெட்டி இருந்தது. இளங்கோவின் தாயார் செல்லம்மாள் ஊஞ்சலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்; வாருங்கள் என்று தலையசைத்தாரே தவிர ரேடியோ இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

பின்பக்க அட்டையைக் கழற்றியதும் கரப்பான் முட்டைகளும் கருகிய மெழுகின் வாசனையும் வந்தன. சேசிஸை வெளியே எடுத்து வெயில்படும் இடத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தபோது, கோதண்டத்துக்கு மூன்று விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. முதலாவது, டயல் கயிறு அறுந்திருந்தது. பிடி இல்லாத முள் தானாகச் சரிந்து, கண்ணாடியில் 'கொழும்பு' என்று எழுதியிருந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றதே தவிர, யாரும் அதை அங்கே வைக்கவில்லை. இரண்டாவது, பேண்ட் திருகு சிற்றலையில் இல்லை, மத்திய அலையில் இருந்தது. சிலோன் கேட்பவர் சிற்றலையில் அல்லவா வைத்திருப்பார்?

மூன்றாவது விஷயத்தில்தான் அவர் சற்று நேரம் நின்றார். சத்தம் கூட்டும் திருகும் சுவிட்சும் ஒன்றாக இருந்த பெட்டி அது. அணைத்துவிட்டுப் போயிருந்தால் திருகு இடது கோடியில் 'டிக்' என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இதுவோ அந்த 'டிக்'கைத் தாண்டி நெல்முனை அளவு திறந்திருந்தது. அதாவது, மிக மெல்லிய சத்தத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்திருக்கிறது. கேட்டவர் பதறிப்போய், சுவிட்சை அணைக்காமல் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

நிலையத்தைப் பிடித்துத் தரும் கேங் கண்டென்சரின் தகடுகள் பாதிக்கும் சற்றுக் குறைவாக உள்ளே போயிருந்தன. கயிறு அறுந்தால் முள்தான் சரியும். தகடுகள் கடைசியாகத் திருப்பிய இடத்திலேயே நிற்கும். கோதண்டம் பென்சிலை எடுத்து, சக்கரத்திலும் சட்டத்திலும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

வேலை நான்கு நாள் எடுத்தது. மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமே என்று இளங்கோ இரண்டு முறை கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் உறங்கிய பெட்டிக்கு எடுத்த எடுப்பில் 230 வோல்ட் கொடுப்பவன் டிரான்ஸ்ஃபார்மரைக் கொளுத்துபவன் என்று கோதண்டம் பதில் சொன்னார். பவர் பக்கத்து மின்பகுப்புக் கண்டென்சர்கள் உலர்ந்து போயிருந்தன. புதியவற்றைச் சேசிஸுக்கு அடியில் மறைத்து இணைத்துவிட்டு, மேலே தெரியும் பழைய அலுமினியக் குப்பியை அழகுக்காக அப்படியே நிற்க விட்டார். அடுத்தது, கடைசி வால்வான EL84இன் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்து, உள்ளிருக்கும் தகடு செக்கச் சிவந்துவிடும். வால்வு போய்விட்டது என்று சொல்லி வால்வை மட்டும் மாற்றிக் காசு வாங்கிய கடைக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். அந்தப் புது வால்வும் ஆறு மாதத்தில் போகும், வாடிக்கையாளரும் திரும்ப வருவார். கோதண்டம் அந்தக் கண்டென்சரைச் சோதித்துக்கூடப் பார்க்காமல் வெட்டி எறிந்தார். வால்வும் தளர்ந்திருக்கவே, தகரப் பெட்டியின் அடியில் காகித உறையோடு வைத்திருந்த, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த ஒன்றைப் பொருத்தினார். ஸ்பீக்கர் காகிதத்தின் கிழிசலுக்கு மெல்லிய தாளும் பசையும் போதுமானதாக இருந்தன.

கயிறு கட்டுவதுதான் கை நடுங்கும் வயதில் கடினமான வேலை. தகடுகளை முழுவதும் மூடி, முள்ளை அளவுகோலின் கோடியில் நிறுத்திப் பிணைத்தார். பிறகு பென்சில் கோடு நேர்ப்படும் வரை சக்கரத்தைத் திருப்பினார். முள் நகர்ந்து போய் 320 மீட்டரில் நின்றது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மதியம், 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுப் பிளக்கைச் செருகினார். பல்பு பிரகாசமாக எரிந்து, மெல்ல மங்கியது. எங்கும் ஷார்ட் இல்லை. பல்பை நீக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்ததும் டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அத்தோடு மின்வெட்டு வந்துவிட்டது. அந்த வருடங்களில் ஊரில் அது வழக்கம்தான் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செல்லம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு மணி நேரம் எல்லோரும் அந்த மௌனப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள்.

மின்சாரம் திரும்பியபோது வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மை பூண்டன. அரை நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஆழத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோதண்டம் சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்டினார். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து விதைப்பதைப் பற்றி ஒருவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருப்பது கூடம் முழுவதும் கேட்டது.

"இது சிலோன் இல்லையே?" என்றார் இளங்கோ.

"திருச்சி. 936 கிலோஹெர்ட்ஸ்."

"முள்ளை நகர்த்த வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே அண்ணே."

"முள்தான் தம்பி நகர்ந்திருக்கிறது, ரேடியோ நகரவில்லை. கயிறு அறுந்து முள் மட்டும் சிலோனுக்குப் போய்விட்டது. இந்தப் பெட்டி கடைசியாகக் கேட்டது திருச்சி நிலையத்தைத்தான்." பென்சில் கோட்டை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். சுவிட்சைப் பற்றியும் பிளக்கைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தவர், ஊஞ்சலின் சங்கிலிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார்.

"அப்பா திருச்சி கேட்கவே மாட்டாரே," என்றார் இளங்கோ. "உழவு, உரம் என்று ஆரம்பித்தால் எழுந்துபோய் அணைத்துவிடுவார்."

"அவர் கேட்க மாட்டார்," என்றார் செல்லம்மாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் போன பிறகு, நீ ஆபீஸுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் மதியம் நான் ஒருத்திதானே வீட்டில். ஐந்து வருடம் கேட்டேன். ஒரு நாள் திருகும்போது கயிறு பட்டென்று அறுந்தது. முள் போய் அங்கே நின்றுகொண்டது. நீ சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, அப்பா சிலோனில் வைத்தது அப்படியே இருக்கிறது என்று கண்கலங்கினாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?"

இளங்கோ தாயாரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உளுந்து விதைப்பவர் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற இடத்துக்கு வந்திருந்தார். கோதண்டம் குனிந்து, தகரப் பெட்டிக்குள் திருப்புளிகளை அளவு வாரியாக அடுக்கத் தொடங்கினார். வழக்கமாக அவர் அப்படி அடுக்குகிறவர் இல்லை.

செல்லம்மாள் ஊஞ்சலை விட்டு இறங்கி வந்து ரேடியோவின் முன்னால் நின்றார்.

"சத்தத்தைக் குறையுங்கள்," என்றார் கோதண்டத்திடம். "இவ்வளவு பெரிதாக நான் வைக்க மாட்டேன்."