நீ அனுப்பிய ஃபிரிட்ஜ் படமும் இன்றைய ராத்திரிச் சாப்பாடும்

டேய், படம் வந்தது. "ஒன்றுமே இல்லை அக்கா" என்று எழுதியிருக்கிறாய். பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவுக்கு இருக்கிறது. முட்டை சாதம் செய்துகொள். வெளியே எதுவும் ஆர்டர் போடாதே.

நடுத்தட்டில் நீல மூடி போட்ட டப்பாவில் இருப்பது சாதம்தானே? அது எப்போது வடித்தது என்று முதலில் யோசி. நேற்று வடித்து, ஆறியதும் உள்ளே வைத்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ராத்திரி முழுக்க மேடையிலேயே கிடந்து காலையில் எடுத்து வைத்தது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடு. அப்படிக் கிடக்கும் சாதத்தில் ஒரு வகைக் கிருமி வளர்ந்து நஞ்சு விடும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

கதவில் மூன்று முட்டை தெரிகிறது. இரண்டு போதும். கீழ் டிராயரில் இருக்கும் குடமிளகாய் தோல் சுருங்கியிருக்கிறதே தவிர கெடவில்லை, வதக்கினால் தெரியாது. கேரட் ஒன்று எடு. பிளாஸ்டிக் பையில் கறுத்துக் கிடக்கும் கொத்தமல்லியைத் தொடாதே, அது போய்விட்டது.

சரி, செய்முறை. கேரட்டைப் பொடியாக நறுக்கு, பெரிதாகப் போட்டால் வேகாமல் பல்லில் கடிபடும். அகலமான சட்டியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறு. லேசாக ஈரமாக இருக்கும்போதே தட்டில் எடுத்து வைத்துவிடு. விட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதே சட்டியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய், பாதி வெங்காயம் (மேல் தட்டில் கிண்ணத்தில் மூடி வைத்திருக்கிறாயே, அது), கேரட், கடைசியில் குடமிளகாய். இப்போது சாதம். குளிர்ந்து இறுகியிருப்பதை விரலால் உதிர்த்துப் போடு, தண்ணீர் தெளிக்காதே. புதிதாக வடித்த சாதமாக இருந்தால் குழைந்திருக்கும், நேற்றைய சாதம்தான் இதற்குச் சரி. தீ நன்றாக இருக்கட்டும். சாதத்திலிருந்து ஆவி வரும் வரை புரட்டி, உப்பு, நிறைய மிளகுத்தூள், அப்புறம் முட்டை. அவ்வளவுதான். கால் மணி நேரம்கூட ஆகாது.

சாதம் சந்தேகமாக இருந்தால் அலமாரியில் கால் பாக்கெட் நூடுல்ஸ் இருக்கிறதே, அதை வேகவைத்து வடித்து இதே மாதிரி செய். உருளைக்கிழங்கு இரண்டும் முளைவிட்டுப் பச்சையாகத் தெரிகின்றன, அவை வேண்டாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். படம் எடுத்துவிட்டு ஃபிரிட்ஜைச் சாத்தினாயா இல்லையா?