ஒரு கூட்டத்துக்கு மட்டும் விருந்தினராக வர அனுமதி வேண்டி

செயலாளர் சார், வணக்கம்.

என் பெயர் கலைச்செல்வி. கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்கிறேன். எங்கள் கீழ்வீட்டு அக்கா உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் உறுப்பினர். உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் அவர் இந்த எண்ணைக் கொடுத்தார். சேர்வதற்கான படிவத்தையும் கொடுத்திருக்கிறார், இன்னும் நிரப்பவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை நடக்கும் கூட்டத்தில், விருந்தினராக ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதிப்பீர்களா? அதற்கப்புறம் சேர்வதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்கிறேன்.

இப்படிக் கேட்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சார். போன மழைக்கு முன்னால் எங்கள் தெருக் கால்வாயைத் தூர் வார வைத்ததும், எடுத்த சேற்றை ஓரத்திலேயே விட்டுப் போகாமல் லாரியில் ஏற்ற வைத்ததும் உங்கள் சங்கம்தான் என்று அக்கா சொன்னார். ஆளாளுக்கு 1913-க்குப் போன் போட்டு நடக்காத வேலை அது. ஆனால் முன்பு நாங்கள் இருந்த பகுதியில் ஒரு சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டி வந்தோம். கூட்டம் எப்போது நடக்கிறது என்றுகூட யாரும் சொன்னதில்லை. பணம் மட்டும் கட்டுகிற உறுப்பினராக இருக்க எனக்கு மனமில்லை. சேர்ந்தால் வேலை செய்ய வேண்டும். அதனால், பேச்சு எப்படிப் போகிறது, போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆனது என்று கேட்கிறார்களா, பெண்களும் வாடகைக்காரர்களும் பேசினால் காது கொடுக்கிறார்களா என்பதை நேரில் பார்க்க விரும்புகிறேன்.

எனக்கு முக்கியமாக இருக்கிற விஷயம் குப்பை. வடசென்னைக் குப்பையெல்லாம் நம் ஊர் மேட்டுக்குத்தான் வருகிறது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் அங்கே நடக்கிறது. அது பெரிய விஷயம், ஒரு தெரு மட்டும் தீர்க்க முடியாது. நம் வாசலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது பல வீடுகளில் சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொள்கிறார்கள். போட்ட ஊசியைச் சோறு, காய்கறித் தோலோடு ஒரே கவரில் கட்டிப் போட்டுவிடுகிறார்கள். பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா அதைக் கையால் பிரிக்கும்போது குத்திவிடுகிறது. ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. வரைக்கும் பயப்பட வேண்டும். எங்கள் மருத்துவமனை வார்டில் யாருக்காவது குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவோம், தேவைப்பட்டால் மருந்து தொடங்குவோம். தெருவில் அந்த அம்மாவுக்கு அதெல்லாம் யார் செய்வது? ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, இறுக்கி மூடி, மேலே எழுதி, தனியாகக் கையில் கொடுத்தால் போதும். இதை வீடு வீடாகச் சொல்ல நான் தயார். ஆனால் தனி ஆளாகப் போய்க் கதவைத் தட்டினால் யார் கேட்பார்கள்? சங்கம் சொன்னால் கேட்பார்கள்.

கூட்டத்தில் இதை நானாக எடுக்க மாட்டேன். விருந்தினராக வருகிறவள் வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான் முறை. நீங்கள் பேசச் சொன்னால் இரண்டு நிமிடம் பேசுகிறேன். ஓட்டெடுப்பு நடந்தால் கை தூக்க மாட்டேன். கணக்கு வழக்கோ உறுப்பினர்களின் சொந்த விஷயமோ வந்தால், சொல்லுங்கள், வெளியே போய் நிற்கிறேன். போனில் எதையும் படம் எடுக்க மாட்டேன். உறுப்பினர் அல்லாதவர் வரக்கூடாது என்று உங்கள் பைலாவில் இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், வருத்தமில்லை. அப்படியானால் உங்களையோ தலைவரையோ ஒருநாள் நேரில் பார்த்துப் பேச முடிந்தால் போதும்.

இன்னொன்று: வாடகைக்கு இருப்பவர்கள் முழு உறுப்பினராகச் சேரலாமா, அல்லது வீட்டு உரிமையாளர் பெயரில்தான் சேர வேண்டுமா? எங்கள் வீட்டு உரிமையாளர் திருவள்ளூரில் இருக்கிறார், இங்கே வருவது அபூர்வம். சந்தா எவ்வளவு, மாதாமாதமா வருஷத்துக்கு ஒரு தடவையா என்பதையும் சொன்னால் நல்லது.

எனக்கு அடுத்த மாத ஷிப்ட் 25-ம் தேதி போடுவார்கள். அதற்குள் ஒரு வரி பதில் வந்தால் அந்த ஞாயிறு காலை டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்வேன்; மாலை ஐந்து மணிக்குள் வந்துவிட முடியும். பகலில் போன் எடுக்க முடியாது, வாட்ஸ்அப்பில் எழுதினால் இரவு பார்த்துவிடுவேன்.

நன்றி சார்.

கலைச்செல்வி
முத்தமிழ் நகர், கொடுங்கையூர்